ஆடியில் திறந்த வகுப்பு

வியாழக்கிழமை காலை செம்மொழி தன் தையல் வகுப்பின் இணையப் பக்கத்தை மறுபடியும் திறந்து பார்த்தாள். பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் நான்கு பேர். செவ்வாயன்றும் நான்கு, புதனன்றும் நான்கு. பக்கம் பழுதாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டுக் கைபேசியை அணைத்துத் திறந்தாள். அப்போதும் நான்குதான்.

பத்தாண்டுகள் தஞ்சாவூரில் ஒரு துணிக்கடையின் தையல் பிரிவில் வெட்டுபவளாக இருந்தவள் அவள். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறந்த ஊரிலேயே பழைய ரவிக்கைகளைப் பிரித்துப் பிரித்து, ஏன் இந்த இடத்தில் சுருங்குகிறது, ஏன் தோள் நழுவுகிறது என்று தானே பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஊரில் எல்லாரும் அளவு ரவிக்கை ஒன்றை வாங்கி அதன்மேல் துணியை வைத்து வெட்டுவார்கள். அந்த ரவிக்கையில் இருக்கும் கோணல் புது ரவிக்கைக்கும் வந்து சேரும். உடம்பை அளந்து, தாளில் வரைந்து, பிறகு வெட்டுவது செம்மொழியின் முறை. வேலை பார்த்த அந்தத் துணிக்கடையை மூடிவிட்டபோது அந்த முறையைத்தான் ஆன்லைனில் சொல்லிக்கொடுக்கலாம் என்று இறங்கினாள்.

முதல் பேட்ச் தெரிந்தவர்களை வைத்து நடந்தது. இது இரண்டாவது. பதினைந்து பேராவது சேராவிட்டால் பேட்ச் நடக்காது, கட்டிய பணம் திரும்ப வந்துவிடும் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சேர்க்கை முடியும். அது நடக்காவிட்டால் திங்களன்று பெங்களூரிலுள்ள சீருடை கம்பெனிக்கு ‘வருகிறேன்’ என்று எழுத வேண்டியதுதான். அவர்கள் அந்த வேலையைத் திங்கள் வரைதான் பிடித்து வைத்திருந்தார்கள். கணவன் சேரன் அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். பருவம் எங்கேயோ அங்கே அவன். செம்மொழியும் போய்விட்டால் ஏழாவது படிக்கும் குந்தவைக்கு விடுதிதான் கதி. அந்தப் பெண் இன்னும் அம்மாவின் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

போன வாரக் கடைசியில் இரண்டு நாள் இலவச நேரலை நடத்தினாள். பேர் கொடுத்தவர்கள் நூற்றுக்கும் மேல். வந்தவர்கள் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அது வழக்கம்தான் என்றாள் அஃப்ரீன். கணினி வேலையெல்லாம் அவள் பொறுப்பு. பள்ளியக்ரஹாரத்தில் செம்மொழி குடியிருக்கும் மாடிக்கு நேர் எதிர்வீடு, பி.சி.ஏ. படித்துவிட்டு வீட்டிலிருந்தே இந்த மாதிரி நாலைந்து பேருக்கு மெயில் அனுப்பிக்கொடுப்பவள். நேரலை முடிந்த மறுநாளே வந்தவர்களுக்கு ஒரு மெயில், பேர் கொடுத்துவிட்டு வராதவர்களுக்கு வேறொரு மெயில், இரண்டிலும் பதிவு செய்த வீடியோவின் இணைப்பு. அடுத்த நாள் முதல் பேட்சில் படித்த ஒருத்தி தன் கடையில் என்ன மாறியது என்று சொன்ன மெயில். அதற்கடுத்த நாள், என்ன தயக்கம் என்று கேட்டு ஒரு மெயில். பணம் கட்டியவர்களின் பேருக்கு ஓர் அடையாளம் விழுந்துவிடும். அவர்களுக்கு அதற்குமேல் நினைவூட்டல் போகாது.

அஃப்ரீன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தாள்.

“அக்கா, மெயிலைத் திறந்தாங்களாங்கறத நான் நம்ப மாட்டேன். சில போன்ல அதுவாவே திறந்த மாதிரி காட்டும். ஆனா இதப் பாருங்க. பணம் கட்ற பக்கத்துக்குப் போனவங்க முப்பது பேருக்கு மேல.”

“போய்?”

“போய்த் திரும்பிட்டாங்க.”

“வாசல் வரைக்கும் வந்துட்டா?”

“வாசல் வரைக்கும் வந்து, உள்ள பாத்துட்டு.”

உள்ளே பார்த்து என்ன கண்டார்கள்? அவளுக்குத் தெரிந்த பதில் ஒன்று இருந்தது. அதை அஃப்ரீனிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் நேரலையில், கை பொருத்தும் கைக்குழியின் வளைவை வரைந்துகொண்டிருந்தபோது, அரட்டைப் பெட்டியில் ஒரு கேள்வி வந்தது. ஆனந்தவல்லி, திருவாரூர். ‘மேடம் உங்களுக்கு எந்த ஊர்?’ அம்மாபேட்டைக்குப் பக்கத்துல என்று செம்மொழி சொன்னாள். உடனே அடுத்த கேள்வி: ‘அங்க எந்தப் பக்கம்?’

இந்த நாட்டில் அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். செம்மொழியின் அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போனவள். அப்பா சாமிதுரை கொஞ்ச காலம் பண்ணையில் இருந்துவிட்டு, கட்சிக்காரராகி, தலைநிமிர்ந்து நடந்தவர். அவர் மகள் ஸ்கேலை எடுத்து, “இந்த வளைவை இன்னொரு தரம் பாத்துக்கங்க” என்று பேச்சை மாற்றிவிட்டாள். கேள்வி மேலே மேலே நகர்ந்து மறைந்துபோனது. அந்த நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் கேள்வியையும், அவள் மாற்றிய பேச்சையும் பார்த்திருப்பார்கள். அன்றிலிருந்து நான்கு, நான்கு, நான்கு.

ரவிக்கை அளவு உடம்பைத் தொட்டு எடுக்கும் அளவு. அதைச் சொல்லிக்கொடுப்பவள் யார் என்று பார்க்காமலா இருப்பார்கள்?

“அக்கா, ஒரு ரிப்ளை வந்திருக்கு” என்றாள் அஃப்ரீன். “தயக்கம் என்னன்னு கேட்டோமே, அதுக்கு. ஈஸ்வரி, பாபநாசம் பக்கம். பணம் கட்ற பக்கத்துக்கு ரெண்டு தரம் போனவங்க. ‘மேடம் கொஞ்ச நாள் போகட்டும் பாக்குறேன்.’ அவ்வளவுதான். கீழ நம்பர் குடுத்திருக்காங்க.”

கொஞ்ச நாள் போகட்டும் என்றால் மரியாதையாக இல்லை என்று பொருள். செம்மொழி கைபேசியை எடுத்தாள். கேட்டுவிடுவது நல்லது. கேட்காமல் பெங்களூருக்குப் போனால் வாழ்நாள் முழுக்க அந்த ஆனந்தவல்லியின் கேள்வி கூடவே வரும்.

“ஈஸ்வரிங்களா? நான் செம்மொழி பேசறேன், ரவிக்கை வகுப்பு.”

“ஐயோ மேடம்! நீங்களா! இருங்க, மிஷின நிறுத்திக்கறேன்.” தையல் மிஷினின் சத்தம் அடங்கியது. “சொல்லுங்க மேடம்.”

“ஒண்ணும் இல்லங்க. எதுனால சேரலன்னு தெரிஞ்சா நான் சரி பண்ணிக்குவேன். மனசுல இருக்கறத சொல்லுங்க. தப்பா நினைக்க மாட்டேன்.”

செம்மொழி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“சொன்னா சிரிப்பீங்க.”

“சிரிக்கல.”

“ஆடியாச்சே மேடம். ஆடியில யாராச்சும் புதுசா பள்ளிக்கூடம் சேருவாங்களா? எங்க மாமியா ஒருத்தி போதும், ஊரக் கூட்டிடுவா. எங்க மகளிர் குழுவுல ஏழு பேரு உங்க லைவ் பாத்தோம். ஏழு பேருக்கும் ஆசதான். ஆவணி பொறக்கட்டும்னு இருக்கோம்.”

“ஆடி சலுகைன்னு போட்டிருந்தேனே!”

“அது துணிக்கு மேடம்!” ஈஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். “துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம். புதுசா ஒரு காரியத்துல காலு வைக்கலாமா? அதான் கடக்காரன் விலையக் கொறச்சுக் கூப்பிடறான். மெயில்ல ஆடின்னு பாத்ததும் எங்க சித்தி மக கேட்டா, இந்த மேடம் வெளிநாடா அப்படின்னு.”

செம்மொழி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் யோசித்தது வேறு. ஆடியில் கல்யாணம் கிடையாது. தையல்காரர்களுக்கு வேலை குறைவு. கை சும்மா இருக்கும்போது கற்றுக்கொள்ளட்டும் என்று திட்டமிட்டே இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தாள். அது சரியான கணக்குத்தான். ஆனால் அவள் வளர்ந்த வீட்டில் கட்சிக் காலண்டர் மட்டுமே மாட்டுவார்கள். அதில் நல்ல நேரம், ராகு காலம் எதுவும் இராது. வேறு யாராவது தினசரிக் காலண்டர் கொடுத்தால் சாமிதுரை கத்தரிக்கோலை எடுத்து அந்த வரிகளை மட்டும் நறுக்கிவிட்டு மாட்டுவார். அஃப்ரீன் வீட்டுக் காலண்டரில் வேறு மாதங்கள். இரண்டு பேரும் சேர்ந்து யோசித்து, கடைத்தெரு விளம்பரத்தைப் பார்த்து, ‘ஆடி சலுகை’ என்று மெயிலின் தலைப்பிலேயே எழுதி நூற்றுச் சொச்சம் பேருக்கு அனுப்பியிருந்தார்கள்.

“ஆவணிக்குத் தள்ளிடவா, ஈஸ்வரி?”

“ஆவணி பொறந்தா கல்யாண ரவிக்கை குவியும் மேடம். அப்ப எங்க உக்காந்து படிக்கறது?” அவளுக்கே அது இக்கட்டாகத்தான் பட்டது போலும். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “பெருக்கு அன்னிக்கு ஆரம்பிங்களேன். பதினெட்டுல தொட்டு வச்சாச்சுன்னா அப்புறம் யாரு என்ன சொல்றது? எங்க வீட்டுக்காரரு பம்புசெட்டு போட்டதே பெருக்கு அன்னிக்குத்தான்.”

“பெருக்கு என்னிக்கு?”

“என்னா மேடம் நீங்க! வர்ற ஞாயிறு!”

போனை வைத்ததும், பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அஃப்ரீன் தலையில் அடித்துக்கொண்டாள். “எங்க வாப்பா கடையில ஆடியில புது ஆள் வேலைக்குச் சேர மாட்டாங்கன்னு வருஷா வருஷம் புலம்புவாரு. எனக்கு மூளையில ஏறவே இல்ல பாருங்க.”

செம்மொழிக்குப் பாரம் குறைந்தது. முழுதும் குறையவில்லை. ஈஸ்வரி சொன்னது ஏழு பேரின் காரணம். மற்றவர்களின் காரணமும் அதுதான் என்று யார் சொன்னது?

ஆறு மணிக் கெடுவை நகர்த்துவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தாள். மூன்று மெயிலில் ‘ஞாயிறு ஆறு மணிக்குப் பிறகு இல்லை’ என்று எழுதியிருக்கிறாள், எழுதினது எழுதினதுதான். வகுப்பு தொடங்கும் நாளை மட்டும் திங்களிலிருந்து ஞாயிற்றுக்கு முன்னே இழுக்கலாம். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு முதல் வகுப்பு, பேர் கொடுத்த எல்லாருக்கும் திறந்தது. அதற்குள் ஆற்றுக்குப் போனவர்கள் திரும்பிவிடுவார்கள். பிடித்தவர்கள் ஆறுக்குள் பணம் கட்டலாம். ஏற்கெனவே கட்டிய நால்வரிடம் போனில் கேட்டாள். மூவர் சரி என்றார்கள், ஒருத்தி வீடியோவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

புது மெயிலை எழுத உட்கார்ந்தாள். நல்ல நாள் என்று எழுதலாமா? அப்பா படித்தால் என்ன சொல்வார்? கடைசியில் ‘ஆடிப்பெருக்கு அன்று மாலை நான்கு மணிக்கு முதல் கோடு வரைகிறோம். பழுப்புத் தாள், ஸ்கேல், பென்சில் எடுத்து வையுங்கள்’ என்று மட்டும் எழுதினாள். அந்த நாளைப் பற்றி யார் என்ன நினைக்க வேண்டுமோ நினைத்துக்கொள்ளட்டும்.

வெள்ளிக்கிழமை காலை கைபேசி விடாமல் அலறியது.

“மேடம், ஞாயிறுன்னீங்க, இப்ப திங்கள்னு மெயில் வந்திருக்கு?”

“திங்கள்னா ஆடி பத்தொம்போது ஆச்சே மேடம்?”

“பேட்ச் உண்டா இல்லையா?”

செம்மொழி மாடிப்படியில் ஓடி இறங்கி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அஃப்ரீன் ஈரத்தலையோடு வந்து மடிக்கணினியைத் திறந்தாள். போன வாரமே நேரம் குறித்து வைத்திருந்த மெயில் அது. புது மெயிலை அனுப்பிய இருவரும் பழைய வரிசையை நிறுத்த மறந்துவிட்டார்கள். ‘திங்கள் முதல் வகுப்பு’ என்ற பழைய வரியோடு அது தானாகக் கிளம்பிப் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் இனி எனக்கு மெயில் வேண்டாம் என்று விலகிவிட்டார்கள்.

“என் தப்புக்கா.”

“ரெண்டு பேர் தப்பும்தான். இன்னும் எத்தன இருக்கு உள்ள?”

“ஞாயிறு காலையில ஒண்ணு. மத்தியானம் கடைசி ஒண்ணு.”

“அதுல என்ன போட்டிருக்கு?”

அஃப்ரீன் திரையைத் திருப்பிக் காட்டினாள். இரண்டிலும் திங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அதுவும் போயிருந்தால் நான்கு மணிக்கு ஒரு ஜீவனும் வந்திருக்காது. இரண்டையும் திருத்தி, உரக்கப் படித்து, தங்களுக்கே ஒன்று அனுப்பிப் பார்த்து, பிறகு எல்லாருக்கும் நாலு வரியில் ஒரு மெயில் எழுதினார்கள்: காலை வந்தது பழைய மெயில், பிழை எங்களுடையது, வகுப்பு ஞாயிறு நான்கு மணிக்குத்தான்.

சனிக்கிழமை இரவு சேரன் கூப்பிட்டான். பின்னால் அறுவடை மிஷினின் சத்தம்.

“எத்தன ஆச்சு?”

“ஏழு.”

“பாதி.”

“பாதிகூட இல்லங்க.”

“பாப்பா கிட்ட விடுதி பத்தி ஏதும் சொல்லிட்டியா?”

“இல்ல.”

“சொல்லாத” என்றான்.

ஞாயிறு விடிந்தபோதே தெரு வெண்ணாற்றை நோக்கி நடந்தது. மஞ்சள் கயிறும் கருகமணியும் தட்டில் ஏந்திய பெண்கள், சப்பரத்தை இழுத்துக்கொண்டு ஓடிய பிள்ளைகள், எலுமிச்சஞ்சோறு கட்டிய பொட்டலங்கள். குந்தவை தோழியின் வீட்டாரோடு போய்விட்டாள். செம்மொழி மாடியில் நின்று அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். எல்லார் கைபேசியும் இப்போது பைக்குள். எந்த மெயிலை யார் பார்க்கப்போகிறார்கள்?

நான்கு மணி. வெளிச்சத்துக்கு விளக்கு வைத்து, சுவரில் பழுப்புத் தாளை ஒட்டி, கேமராவைத் திருப்பினாள். அறைக்குள் அஃப்ரீன் மட்டும். திரையில் செம்மொழியின் முகம் மட்டும்.

கொஞ்ச நேரம் அப்படியே போயிற்று. ஒரு பெயர் வந்தது, மறைந்தது. மறுபடி வந்தது.

“ஆரம்பிங்கக்கா. பேசிக்கிட்டே இருங்க” என்று அஃப்ரீன் உதட்டை அசைத்தாள்.

யாருக்குப் பேசுவது? ஆனாலும் பேசினாள். “தாளை நீளவாக்குல ரெண்டா மடிங்க. மடிப்பு உங்க இடது கைப்பக்கம் இருக்கட்டும். இதுதான் முதுகோட நடுக்கோடு.” திரையில் ஒரு சதுரம் திறந்தது: ஈரத்தலையில் பூ வைத்த ஈஸ்வரி. அவளுக்குப் பின்னால் நான்கு தலைகள் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தன. “வந்துட்டோம் மேடம்! பஸ்சு கெடைக்கல!” இன்னொரு சதுரம், இன்னொன்று. ஒருத்தி படித்துறையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் காவிரி நுரைத்துப் போய்க்கொண்டிருந்தது.

“தாள் இருக்கா?”

“பூ மடிச்ச பேப்பர் இருக்கு மேடம்.”

“அதுலயே போடுங்க. மேலயிருந்து ரவிக்கையோட முழு நீளம், கீழ மடிச்சுத் தைக்க ஒரு அங்குலம் சேத்து. ஒரே கோடு. ஸ்கேலைத் தூக்காம.”

கோடு போட்டார்கள். மார்புச் சுற்றளவில் நாலில் ஒரு பங்கை மடிப்பிலிருந்து எப்படிக் குறிப்பது, தையலுக்கு எவ்வளவு விடுவது என்று சொன்னாள். பேசும்போது பயம் எங்கோ ஒதுங்கி நின்றது. பேச்சு நின்ற இடத்தில் உடனே திரும்பி வந்தது. பணம் கட்டியவர்களின் எண்ணிக்கையை அஃப்ரீன் கேமராவுக்குப் பின்னாலிருந்து விரல்களில் காட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது. பத்து. ஐந்தரைக்குப் பன்னிரண்டு. அங்கேயே நின்றது. வகுப்பு முடிந்து எல்லாரும் விடைபெற்றார்கள். பன்னிரண்டு.

இரண்டு பேரும் பணம் கட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் வெறும் சப்பரத்தை இழுத்துக்கொண்டு பிள்ளைகள் திரும்பி வந்தன. குந்தவை மேலே ஏறி வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, முந்தானையின் நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஆறரை வரைக்கும் விட்டா என்னக்கா? யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியும்.”

பதிமூன்று. கொஞ்சம் பொறுத்துப் பதினான்கு. பிறகு ஈஸ்வரியின் குழுவிலிருந்து இரண்டு பேர் ஒன்றன்பின் ஒன்றாக. ஒரே கைபேசியில் மாற்றி மாற்றிக் கட்டியதால் தாமதமாம். பதினாறு. அஃப்ரீன் கத்தவில்லை; வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆறு அடித்ததும் செம்மொழி தன் கையாலேயே பணம் கட்டும் பக்கத்தை மூடினாள்.

மூடிய சற்று நேரத்தில் ஒரு மெயில் வந்தது. ஆனந்தவல்லி, திருவாரூர்.

‘மேடம், ஆத்துலேர்ந்து வர நேரமாயிட்டுது. பக்கம் மூடியிருக்கு. சேர முடியுமா?’

செம்மொழி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இந்தப் பெண் இத்தனை நாள் தயங்கியது ஆடிக்காகவா, ‘எந்தப் பக்கம்’ என்பதற்காகவா? அன்று கேட்டது வெறும் ஊர்ப்பேச்சா? கேட்டவளுக்கே தெரியுமோ என்னவோ.

“சேத்துக்கலாம்கா. ஒரு ஆள்தானே.”

“ஆறு மணின்னா ஆறு மணி.”

“பழி வாங்கறீங்களா?”

அன்றைய கேள்வியை அஃப்ரீனும் பார்த்துத்தான் இருக்கிறாள் என்று செம்மொழிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வாரமாக இருவரும் அதை ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருக்கிறார்கள்.

“இல்ல” என்றாள் செம்மொழி. “இருந்தாலும் இருக்கும். தெரியல.”

பிறகு எழுதினாள்: ‘வணக்கம். இந்த பேட்ச் முடிந்தது. அடுத்தது தை மாதம். உங்கள் பேரை முதலில் எழுதிக்கொள்கிறேன். நேரலையில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் முழுதாகப் பதில் சொல்லவில்லை. அம்மாபேட்டைக்குப் பக்கத்தில், வாய்க்காலுக்குக் கிழக்கே, காலனித் தெரு. அங்கேதான் வெட்டவும் தைக்கவும் கற்றுக்கொண்டேன். இது தெரிந்தும் வர விருப்பமிருந்தால் வாருங்கள்.’

விரல் அனுப்பும் பொத்தானின் மேல் நின்றது. இதை ஆனந்தவல்லி வேறு யாருக்காவது காட்டினால்? இன்று சேர்ந்த பதினாறு பேருக்கும் காட்டினால்? பணத்தைத் திருப்பிக் கேட்டால்?

அழுத்தினாள்.

அதே கையோடு பெங்களூர் கம்பெனிக்கு, வர இயலாது, மன்னிக்கவும் என்று இரண்டு வரி எழுதினாள். குந்தவை முந்தானையைப் பிடித்தபடியே தரையில் தூங்கிப்போயிருந்தாள். கைபேசி மேஜையில் ஒருமுறை அதிர்ந்தது. செம்மொழி அதை எடுக்கவில்லை. நாளைய வகுப்புக்காகச் சுவரில் புதுத் தாளை ஒட்டி, ஸ்கேலை வைத்து, நடுக்கோட்டை இழுத்தாள். கோடு கொஞ்சம் நடுங்கியிருந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளை ஒட்டினாள்.